என் சிறுகதை ‘கோடு’: முடிவு உட்காரவில்லை, படித்துவிட்டுச் சொல்லுங்கள்

கரிசல்மண்:

வணக்கம். மூன்று மாதமாக ஒரு சிறுகதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் பெரிய நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த பெண், அழைப்புக்காகக் காத்திருக்கிற ஒரு பகல். அவ்வளவுதான் கதை. மருந்து ஆலையின் ஆய்வகத்தை நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அக்காள் மகள் சொல்லக் கேட்டு எழுதினேன். இரண்டு சந்தேகங்கள். நேர்முகக் காட்சி நம்பும்படி இருக்கிறதா? முடிவு சரியா? தயவுதாட்சண்யம் வேண்டாம்.

கோடு

பதினோராவது நாள். மாரீஸ்வரி கண் விழித்ததும் கைபேசியைப் பார்த்தாள். இரவில் யாரும் அழைக்கமாட்டார்கள் என்பது தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

அந்த வீட்டில் அலைவரிசை ஒரே ஓர் இடத்தில்தான் கிடைக்கும். அடுப்படி ஜன்னல் திட்டு. அதுவும் ஒரு கோடு, நல்ல நேரம் இருந்தால் இரண்டு. அம்மா களத்தில் மிளகாய் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அங்கே வரைக்கும் மணிச் சத்தம் கேட்க வேண்டுமே என்று கைபேசியைச் சில்வர் தூக்குவாளிக்குள் நிறுத்திவைப்பது வழக்கம். வாளி மணியைப் பெரிதாக்கும். கோவில் மணி மாதிரி கேட்கும் என்று அம்மாவுக்குப் பெருமை.

மாரீஸ்வரியும் களத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நல்ல வற்றல் இந்தப் பக்கம், வெளுத்துப்போன சண்டு அந்தப் பக்கம். மாசி வெயில் முதுகில் ஏறியது. கை பொறுக்க, மனம் திருப்போரூரைத் தாண்டிப் போய் நின்றது.

கோவில்பட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, விடியலில் தாம்பரத்தில் இறங்கி, கேளம்பாக்கம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஆலத்தூர் போய்ச் சேர்ந்தாள். வரிசையாக மருந்து ஆலைகள். வாசலில் பையைச் சோதித்து, கழுத்தில் ஒரு வருகையாளர் அட்டையை மாட்டிவிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. மருந்தின் அளவைக் கண்டறிகிற எச்.பி.எல்.சி. கருவியைக் கல்லூரியில் தொட்டிருக்கிறாயா என்று கேட்டார்கள். தொட்டிருக்கிறேன் என்றாள். மருந்துக் கரைசலை ஊசியால் கருவிக்குள் ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார வேண்டும். வெறும் நேர்க்கோடு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்தில் பாராசிட்டமாலின் பீக் மலை மாதிரி எழும்பும் என்றாள். நடுவில் இருந்தவர் சிரித்தார்.

பிறகுதான் அந்தக் கேள்வி. “மாத்திரையில் பாராசிட்டமால் 95-லிருந்து 105 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உனக்கு 93.8 வருகிறது. என்ன செய்வாய்?”

“இன்னொரு முறை இன்ஜெக்ட் செய்து பார்ப்பேன், சார்.”

அவர் ஏதோ எழுதினார். ஓரத்தில் இருந்த அம்மா, அதுவரை வாயே திறக்காதவர், “அதற்கு முன்?” என்றார்.

மாரீஸ்வரி விழித்தாள். “கணக்கைச் சரிபார்ப்பேன், மேடம்.”

அந்த அம்மா தலையாட்டினார். ஆமோதித்தா, போதும் என்றா? பதினோரு நாளாக அந்தத் தலையாட்டலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரத்துக்குள் கூப்பிடுகிறோம் என்றுதான் அனுப்பிவைத்தார்கள். அந்த அடுத்த வாரம் சனிக்கிழமையோடு முடிந்துபோனது.

பத்தரை மணிக்கு வாளி அலறியது. ஓடினாள். கடன் வேண்டுமா என்று ஒரு பெண் குரல். திரும்பி வந்தபோது அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. சண்டு வற்றல் ஒன்று நல்ல குவியலில் கிடந்தது. அதை எடுத்து அந்தப் பக்கம் போட்டுவிட்டு, “கை அங்கே, கண் எங்கே?” என்றாள்.

மதியம் வந்தது, போனது. நாலு மணிக்குச் சித்தி பேசினாளா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றாள். ஐந்தரைக்கு நிழல் களத்தைத் தாண்டியது. கோணிகளைக் கட்டினார்கள். இனிமேல் ஆலையில் யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தபடி மாரீஸ்வரி முகம் கழுவினாள்.

அப்போது வாளிக்குள் மணி அடித்தது. அவள் ஈரக் கையோடு ஓடினாள். திரையில் தெரியாத எண். விரல் நடுங்கியது.

“ஹலோ…”

(முற்றும்)

ஊஞ்சல்பலகை:

அம்மா, மனதைத் தளரவிடாதே. பதினோரு நாள் ஒன்றும் பெரிய விஷயமில்லை. என் மைத்துனருக்கு ஒரு மாதம் கழித்து வந்தது. சும்மா உட்கார்ந்திராமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பு. நேர்முகம் நடந்த தேதி, எந்தப் பணி, யாரைச் சந்தித்தாய், முடிவு எப்போது தெரியும் என்று நாலு வரி போதும். ‘பதிலுக்காகத் தவமிருக்கிறேன்’ போன்றவை வேண்டாம். வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இரு.

கரிசல்மண்:

ஐயா, நன்றி. ஆனால் எனக்கு ஐம்பத்து மூன்று வயது, மீசை இருக்கிறது. மாரீஸ்வரி கதாபாத்திரம்.

ஊஞ்சல்பலகை:

மன்னிக்கவும். கைபேசியில் மேலோட்டமாகப் படித்தேன். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதைச் சொல்லிவிடுங்கள்.

அரைப்படி:

பதினெட்டு வருடமாக மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். இந்தத் துறை எனக்குத் தெரியும். கதையில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. அளவு வரம்புக்கு வெளியே வந்தால் மறுபடி இன்ஜெக்ட் செய்வது பெருங்குற்றம். தடை செய்யப்பட்ட செயல். இதற்காக அமெரிக்க ஆய்வாளர்கள் ஆலைகளை வறுத்தெடுத்திருக்கிறார்கள். அப்படிப் பதில் சொன்ன பெண்ணை அந்த நிமிடமே நிராகரித்திருப்பார்கள். அப்புறம் எதற்குப் பதினோரு நாள் காத்திருக்கிறாள்? விடை தெரிந்த கேள்விக்குக் காத்திருப்பது போல் இருக்கிறது.

தராசுமுள்:

அரைப்படி சொல்வதில் பாதி சரி. நான் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள். இந்தக் கதையின் ஓரத்து அம்மாவைப் போல மேஜைக்கு அந்தப் பக்கம் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஒரு நிமிடத்தில் பீக் வராது. கல்லூரிகளில் வழக்கமாக இருக்கிற 25 சென்டிமீட்டர் நீள, 4.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ‘காலம்’ என்கிற குழாயில், நிமிடத்துக்கு ஒரு மில்லி ஓட்டத்தில், எதிலும் ஒட்டாமல் ஓடிவருகிற கரைப்பானே வெளியே வர ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆகும். அப்போது கோட்டில் ஒரு சின்னச் சிலுப்பல் தெரியும். புதிதாக வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்து, “மேடம், வந்துவிட்டது” என்று துள்ளுவார்கள். அது ஒன்றுமே இல்லை. மருந்து அதற்குப் பின்னால்தான் வரும். நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பொருந்தும். உங்கள் பத்தரை மணிக் கடன்காரி எனக்கு அந்தச் சிலுப்பல் மாதிரிதான் பட்டாள். நீங்கள் தெரிந்து வைத்தீர்களா என்று தெரியவில்லை.

இப்போது 93.8. ‘வயல்’ என்கிற அதே சின்னக் கரைசல் குப்பியை மறுபடி இன்ஜெக்ட் செய்வது தடை செய்யப்பட்டதல்ல. விசாரணையின் ஒரு பகுதியாக, காரணத்தை எழுதி, மேற்பார்வையாளர் ஒப்புதலோடு செய்வதுண்டு. ஊசியில் காற்றுக் குமிழி புகுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதுதான் வழி. குற்றம் எதுவென்றால், யாரிடமும் சொல்லாமல் தானே போட்டுப் பார்த்து, நல்ல எண் வந்ததும் அதை எழுதி, பழையதை மறைப்பது. 1993-இல் பார் லேபரட்டரீஸ் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் கண்டித்தது ஏறக்குறைய இந்தப் பழக்கத்தைத்தான்: தேறும் வரைக்கும் சோதிப்பது. இன்றைய மென்பொருளில் ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனும் நேரத்தோடு பதிவாகிவிடுகிறது. மறைக்க நினைத்தாலும் மறையாது.

அந்தப் பெண்ணின் பதிலில் குறை வேறு. ‘மறுபடி இன்ஜெக்ட் செய்வேன்’ என்றால், கோளாறு கருவியில்தான் என்று அவள் அதற்குள் முடிவுகட்டிவிட்டாள் என்று பொருள். என் ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாத்திரையில் இதே மாதிரி குறைவாக வந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் பயந்துபோய் நேராக என்னிடம் வந்தான். எதையும் கழுவவில்லை, கொட்டவில்லை. எடை, கணக்கு, திட்டக் கரைசல் எல்லாம் பார்த்தோம்; சரி. கடைசியில் அவன் மாத்திரைப் பொடியைக் கரைத்த குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஒரு படிவு. மாத்திரையில் கரையாத சேர்மானங்கள் எப்படியும் கொஞ்சம் தங்கும், ஆனால் இது கட்டிகட்டியாக, வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. ஒலி அதிர்வால் கரைக்கிற சோனிகேட்டரில் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டியதை ஐந்து நிமிடத்தில் எடுத்திருக்கிறான். மருந்து முழுதாகக் கரையவில்லை. அந்த வயலை இன்னும் பத்து முறை இன்ஜெக்ட் செய்திருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும், ஏனென்றால் வயலுக்குள் இருந்ததே குறைவு. குடுவையைக் கழுவியிருந்தால் காரணமே கிடைத்திருக்காது. நல்ல மாத்திரைகள் மீது பழி விழுந்திருக்கும். பிறகு ஒப்புதல் வாங்கி, புதிதாகக் கரைத்துச் சோதித்தோம். முதலில் வந்த எண்ணும் அறிக்கையில் இருந்தது, காரணத்தோடு.

ஆக, “அதற்கு முன்?” என்ற கேள்விக்கு நாங்கள் எதிர்பார்ப்பது ஒரே வரி: எதையும் கொட்டாமல் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் சொல்வேன். உங்கள் கதையில் அந்த அம்மா ஒரு கயிறு வீசியிருக்கிறார். பெண் அதைப் பாதி பிடித்தாள். கல்லூரியிலிருந்து நேராக வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பாதிதான் பிடிப்பார்கள். இதற்காக மட்டும் நான் யாரையும் நிராகரித்ததில்லை. ‘நல்ல விடை வரும்வரை போடுவேன்’ என்று சொன்ன முதல் வகுப்பில் தேறிய ஒரு பையனை நிராகரித்திருக்கிறேன்.

அரைப்படி:

விசாரணையோடு செய்யலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் வாசகனுக்கு இது எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் அந்தப் பதில் சரியா தவறா என்றே புரியாதே.

நடுப்பக்கம்:

புரியாமல் இருப்பதுதான் நல்லது என்பேன். மாரீஸ்வரிக்கே தெரியாது. அவளுக்குத் தெரியாததை வாசகனுக்குச் சொன்னால் கதை அவளைவிட்டு விலகிவிடும்.

எனக்குக் குறையாகப் பட்டது முடிவு. மணி அடிக்கிறது, ஓடுகிறாள், “ஹலோ…”, முற்றும். காத்திருப்புக் கதை எழுதுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இங்கேதான் நிறுத்துவார்கள். ஆசிரியர் ஒளிந்துகொண்டு நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பது போல இருக்கிறது. என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும், வேண்டுமென்றே சொல்லவில்லை. மாரீஸ்வரியின் தெரியாமை வேறு, ஆசிரியரின் மூடிமறைப்பு வேறு. “கை அங்கே, கண் எங்கே?” என்று அம்மா கேட்கிற இடம் கதையிலேயே சிறந்த இடம். அதற்குப் பிறகு மதியம், மாலை என்று மணிக்கணக்குதான் ஓடுகிறது, மாரீஸ்வரிக்கு எதுவும் நடக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நல்ல வற்றலையும் சண்டு வற்றலையும் பிரிக்கிற அம்மா, வரம்புக்குள்ளா வெளியேயா என்று பிரிக்கிற மகள் என்று பொருத்தம் பார்க்கிற வாசகர்கள் வருவார்கள். அதற்கு மேல் ஒரு சொல்கூட அதை அழுத்த வேண்டாம். இப்போது இருக்கிற அளவே விளிம்பில் நிற்கிறது.

கையொப்பம்:

ஆலை மனிதவளப் பிரிவில் இருப்பவன் நான். “அடுத்த வாரத்துக்குள்” என்று ஒவ்வொரு நேர்முகத்தின் முடிவிலும் சொல்கிற பாவி. பதினோரு நாள் ஏன் ஆகிறது என்பதற்கு எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். விரும்பினால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நேர்முகம் முடிந்த அன்று மாலையே பெரும்பாலும் முடிவு எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு அந்தத் தாள் ஊர்வலம் போகிறது. துறைத் தலைவர் கையெழுத்து, ஆலைத் தலைவர் கையெழுத்து, சம்பளத்துக்கு இன்னொரு கையெழுத்து. நடுவில் ஆலைக்கு வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்துவிட்டால் போயிற்று. அந்த வாரம் முழுக்கத் தரக் கட்டுப்பாட்டில் யாரும் எங்கள் தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வேறொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம். முதலிடத்தில் ஒருவர் இருப்பார். அவர் வருகிறேன், யோசிக்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருப்பார். இரண்டாம் இடத்தில் இருக்கிறவரை நாங்கள் வேண்டாம் என்றும் சொல்லமாட்டோம், வேண்டும் என்றும் சொல்லமாட்டோம். அந்த இரண்டாம் ஆள் ஏதோ ஓர் ஊரில் ஜன்னல் திட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது இந்தக் கதையைப் படித்தபோதுதான் உறைத்தது.

இன்னொரு தகவல். வேண்டாம் என்று சொல்வதற்கு யாரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. மின்னஞ்சல் போகும், அல்லது ஒன்றுமே போகாது. அழைப்பு என்று ஒன்று வந்துவிட்டாலே ஏதோ சாதகம்தான். உங்கள் இப்போதைய முடிவில் அந்த எண் ஆலையின் எண் என்றால், “ஹலோ”வுக்குப் பிறகு மர்மம் ஒன்றும் இல்லை. வேலை கிடைத்துவிட்டது.

ஈரோட்டு மஞ்சள்:

என் கதையைக் கேளுங்கள். பத்து வருடத்துக்கு முன் முதல் வேலைக்காகக் காத்திருந்தபோது குளிக்கப் போன ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்து போய்விட்டது. 044 எண். உடனே திருப்பி அழைத்தேன். எடுத்தவர் வாசல் காவலாளி! ஆலையில் ஒரு பொது இணைப்புதான். உள்ளேயிருந்து யார் வெளியே பேசினாலும் அந்த ஒரே எண்தான் நமக்குத் தெரியும். திருப்பி அழைத்தால் மாலையில் அது வாசலில் போய் அடிக்கும். “யார் பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? காலையில் ஒன்பதரைக்குப் பேசு” என்று வைத்துவிட்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் பேசினால், சான்றிதழ் நகல் ஒன்று தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பு என்கிறார்கள். அதற்குத்தான் அழைத்திருக்கிறார்கள். வேலை அப்புறம் கிடைத்தது என்பது வேறு விஷயம். ஆகவே, கையொப்பம், அழைப்பு வந்தாலே வேலை என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். கரிசல்மண், அந்தத் தூக்குவாளி. ஒரே ஒரு கோடு அலைவரிசை இருக்கிற வீட்டில் கைபேசியைச் சில்வர் வாளிக்குள் வைக்கிறார்களா? உலோகம் அலையை மறைக்குமே.

கரிசல்மண்:

எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். வாளியோ, பெரிய டம்ளரோ. சத்தம் உண்மையிலேயே பெரிதாகக் கேட்கும். நான் அழகுக்காக வைத்த விவரம்தான், அலைவரிசையை யோசிக்கவில்லை.

ஈரோட்டு மஞ்சள்:

இப்போது செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் வீட்டுக் கொல்லைப்புற அறையில் அலைவரிசை மோசம், இரண்டு கோடு. திறந்த தூக்குவாளிக்குள் நிறுத்தினேன். ஒன்றாகக் குறைந்தது. வாளியைச் சுவர் ஓரம் தள்ளியதும் அந்த ஒன்றும் போய்விட்டது, பிறகு வந்தது, மறுபடி போனது. மூடியைப் போட்டு மனைவியின் கைபேசியிலிருந்து அழைத்தேன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றது. முன்னறையில் நல்ல அலைவரிசை. அங்கே மூடி போட்டும் மணி அடித்தது. ஆக, வாளி எப்போதும் மறைக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே மெலிந்த இடத்தில்தான் மறைக்கும். உங்கள் ஜன்னல் திட்டு மாதிரி. மனைவி ஏன் வாளியோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

நடுப்பக்கம்:

கரிசல்மண், கதை இப்போது வாளிக்குள் இருக்கிறது, வெளியே எடுங்கள்.

அழைப்பு நன்றாகக் கேட்க வேண்டும் என்று அம்மா செய்த ஏற்பாடே அழைப்பை மறித்திருக்கிறது. நீங்கள் தெரியாமல் வைத்த பொருள் இது. கடைசி மணியை அடித்துவிட்டு, அதாவது எழுத்தில் அடித்துவிட்டு, அவள் மாலையில் வாளியிலிருந்து கைபேசியை எடுக்கட்டும்.

தராசுமுள்:

எடுத்ததும் தவறிய அழைப்பு என்று குறுஞ்செய்தி வரும். தொடர்பு எல்லைக்குள் திரும்பி வந்ததும் அப்படி வருவதுண்டு, எண்ணும் நேரமும் அதில் இருக்கும். எங்கள் குடுவை மாதிரியேதான் இதுவும். கழுவிக் கவிழ்க்காமல் எடுத்துப் பார்த்தால் அடியில் ஏதோ இருக்கும்.

அரைப்படி:

அப்படியானால் பத்தரை மணிக் கடன் அழைப்பு மட்டும் எப்படி வந்தது? அப்போதும் வாளிக்குள்தானே இருந்தது?

கரிசல்மண்:

நல்ல கேள்வி. ஈரோட்டு மஞ்சள் சொன்னபடி கோடு வந்து போகிறது என்றால் அது வந்த நேரம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது என் சமாளிப்பு. இன்னும் சரியாக ஒன்று செய்கிறேன்: கடன் அழைப்புக்கு ஓடி வந்தவள் கைபேசியைத் திரும்ப வைக்கும்போது வாளியைச் சுவர்ப் பக்கம் தள்ளிவைத்துவிடட்டும். எரிச்சலில்.

இரண்டு நாள் கொடுங்கள்.

கரிசல்மண்:

நான்கு நாள் ஆகிவிட்டது. பீக் நான்கு நிமிடத்துக்குப் போய்விட்டது. ‘விரல் நடுங்கியது’ போயே போய்விட்டது. சித்தியைப் பற்றிய வரியும் போயிற்று, அவளுக்குக் கதையில் வேலை இல்லை. கடன் அழைப்பிலிருந்து கடைசி வரை புதிதாக எழுதியது இது:

*பத்தரை மணிக்கு வாளி அலறியது. ஓடினாள். கடன் வேண்டுமா என்று ஒரு பெண் குரல். வேண்டாம் என்று சொல்லும்போதே தொண்டை அடைத்தது. கைபேசியை வாளிக்குள் போட்டு, வாளியைக் கண்ணில் படாதபடி சுவரோரம் அம்மிப் பக்கம் தள்ளினாள்.*

*திரும்பி வந்தபோது அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. சண்டு வற்றல் ஒன்று நல்ல குவியலில் கிடந்தது. அதை எடுத்து அந்தப் பக்கம் போட்டுவிட்டு, “கை அங்கே, கண் எங்கே?” என்றாள்.*

*மதியம் வீடு சத்தமே இல்லாமல் இருந்தது. அம்மா இரண்டு முறை காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். “அடித்தால் இங்கே கேட்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.*

*கோணிகளைக் கட்டி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சோறு வைக்க அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். வாளி வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டில் பால் வாங்க வேண்டும். மாரீஸ்வரி கைபேசியை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். அது ஒரு முறை சிணுங்கியது. தவறிய அழைப்பு, 044-இல் தொடங்கும் எண், 4.12. அதன் கீழே இன்னொன்று. அதே எண், 4.20.*

*அம்மாவிடம் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய், வேப்பமரத்தடிக் கல் மேல் ஏறி நின்று அழைத்தாள். நெடுநேரம் அடித்தது. ஓர் ஆண் குரல், பின்னால் லாரி ஒன்று உறுமுகிற சத்தம். காவலாளி. ஆபீஸ் மூடிவிட்டார்கள், யார் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, காலையில் ஒன்பதரைக்குப் பேசு, உன் பெயர் என்ன என்றார்.*

*சொன்னாள். அவர் எழுதிக்கொள்வது போல ஓர் இடைவெளி.*

*“எந்த ஊர்?”*

*சொன்னாள்.*

*“அங்கே மழை உண்டா?” என்று கேட்டார் அவர். “எனக்கு விளாத்திகுளம்.”*

*உள்ளே அம்மா வாளியைக் கழுவுகிற சத்தம் கேட்டது.*

நடுப்பக்கம்:

காவலாளி ‘மழை உண்டா’ என்று கேட்கிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது யாரும் சொல்லிக்கொடுத்து வராது. வாளி கழுவும் சத்தம் வேண்டுமா என்று யோசியுங்கள். எனக்கு விளாத்திகுளத்தோடு நின்றாலே போதும்.

தராசுமுள்:

எனக்கு வாளி வேண்டும். கழுவிவிட்டாளே!

கையொப்பம்:

இரண்டு முறை, எட்டு நிமிட இடைவெளியில். சான்றிதழ் நகலுக்காக யாரும் அப்படி அடிக்கமாட்டார்கள். அன்றே கடிதம் அனுப்ப வேண்டும் என்று தலைக்கு மேல் நின்றால்தான் அடிப்போம். வேலை கிடைத்துவிட்டது.

ஈரோட்டு மஞ்சள்:

எனக்கும் இரண்டு முறைதான் அடித்திருந்தார்கள்.

ஊஞ்சல்பலகை:

காலையில் ஒன்பதரைக்கு அழைக்காமல் ஒன்பதே முக்காலுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஒன்பதரைக்குத்தான் அவர்கள் வந்து உட்காருவார்கள், டீ குடிக்க வேண்டும்.

கரிசல்மண்:

சொல்கிறேன் ஐயா.